மெட்ராஸைத் தொடாமல் பெங்களூருக்கு

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. ரயில்வே கால அட்டவணை தலைகீழாகத் தெரியும் என்ற திமிர் அதைவிடக் கூடுதல். காரைக்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு டிராவல்ஸ் ஆபீஸில் வேலை. முன்பக்கம் எஸ்.டி.டி. பூத், அதற்குப் பின்னால் ஒரு மேஜை, ஒரு இரும்பு பீரோ, நான். முதலாளி பாதி நாள் திருச்சியில் விசா வேலையாக அலைவார். மீதி நாள் அலைந்த களைப்பில் வீட்டில் படுத்திருப்பார். ஆக, கடை என் ராஜ்யம்.

எங்கள் வீடு மானகிரியில். நான் பள்ளிக்கூட வாத்தியார் மகள், வேதக்கார குடும்பம், அதாவது கிறிஸ்தவர்கள். காலையில் சைக்கிளில் வந்து ஷட்டரைத் தூக்கினால் எட்டரைக்கெல்லாம் ஆள் வந்துவிடும். சிங்கப்பூர், மலேசியா என்று டிக்கெட் கேட்டு வருகிறவர்கள்தான் அதிகம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. தனியார் விமானங்கள் புதிதாகக் கிளம்பியிருந்த நேரம். நேற்று பறந்தது இன்று பறக்குமா என்று அவர்களுக்கே தெரியாது, நமக்கு எங்கே தெரியும். ஆனால் கேட்கிறவர்களிடம் எல்லாம் தெரிந்த மாதிரிப் பேசுவேன். அது தொழில்.

அந்த வருஷம்தான் ஈப்போ ஆச்சி வந்தார்கள்.

ஈப்போ மலேசியாவில் இருக்கிறது. ஆச்சிக்குப் பிறந்த ஊர் வலையபட்டி, வாழ்க்கைப்பட்டது கானாடுகாத்தான், குடித்தனம் ஈப்போவில். ஐம்பத்தெட்டு வயது இருக்கும். இடது முழங்காலில் வலி. உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு கை மேஜையை ஊன்ற வேண்டும். ஆனால் அந்த முகத்தில் வலியைத் தேடினாலும் கிடைக்காது. மகளுக்குக் கல்யாணம், கானாடுகாத்தான் வீட்டில் வைத்து. புருஷனுக்குக் கடையை விட்டு வர முடியாது, கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால்தான் வருவார். அதனால் கல்யாணம் சொல்லுகிற பொறுப்பு ஆச்சி தலையில். துணைக்குப் புருஷனின் கடைசித் தம்பி, காரைக்குடியிலேயே இருக்கிறவர். அண்ணன் மனைவியை அவர்கள் வழக்கத்தில் அண்ணமிண்டி என்பார்கள். அவர் வாய்க்கு வாய் "அண்ணமிண்டி, அண்ணமிண்டி" என்று ஆச்சி பின்னாலேயே வந்தார்.

"பெங்களூர், கோயமுத்தூர், மெட்ராசு. மூணு ஊருக்கும் போகணும் ஆத்தா. நேர்ல போயி, தட்டு வச்சு, பத்திரிகை குடுக்கணும். தபால்ல போட்டா நம்ம பக்கம் யாரு வருவாக?" என்றார்கள் ஆச்சி.

அது எனக்கும் தெரிந்ததுதான். உள்ளூரிலேயே நேரில் வந்து சொல்லாத கல்யாணத்துக்கு எங்கள் பக்கம் யாரும் செருப்பு மாட்டமாட்டார்கள். பெங்களூரில் இருப்பது ஆச்சி புருஷனின் மூத்த அண்ணன். கோயமுத்தூரில் இரண்டாவது அண்ணன். மெட்ராஸில் தங்கச்சி, அதாவது ஆச்சிக்கு நாத்தனார்.

"பிளேன்ல போயிருவோம் அண்ணமிண்டி. நீங்க இந்தக் காலை வச்சுக்கிட்டு ரயில்ல ஏறி இறங்குறதாவது!" என்றார் கொழுந்தனார். அவர் அதுவரை விமானத்தில் ஏறியதில்லை என்பது அவர் கண்ணிலேயே தெரிந்தது.

நான் பேனாவைத் திறந்தேன். இந்த மாதிரி ஒரு கேள்விக்குத்தான் மாசக்கணக்கில் காத்துக் கிடந்தேன் என்று சொன்னால் மிகையில்லை. மூன்று ஊர், மூன்று வழி. கணக்குப் போடுவதில் எனக்கு இருந்த ஆசை சாப்பாட்டில்கூட இருந்ததில்லை.

முதலில் விமானம். ஆச்சி கையில் மலேசியா பாஸ்போர்ட். அப்போது வெளிநாட்டுப் பாஸ்போர்ட்காரர்களுக்கு உள்நாட்டு விமானத்துக்கும் டாலர் கட்டணம். நம்ம ஆளுக்கு ரூபாய்க் கட்டணம், அது குறைவு. வெளிநாட்டிலிருந்து டிக்கெட் எடுத்து வந்தவர்களுக்குத் தெற்கே சில ஊர்களுக்குள் பறக்க டாலரில் ஒரு தள்ளுபடி உண்டு. அதைக் கழித்தாலும் ஆச்சிக்குத்தான் விலை அதிகம்.

"ஒரே பிளேனு, பக்கத்துப் பக்கத்து சீட்டு, எனக்கு ஒரு வெல, இவருக்கு ஒரு வெலயா?" என்று கேட்டார்கள் ஆச்சி.

"ஆமா ஆச்சி. ரெண்டு பேருக்கும் ஒரே மிட்டாய்தான் குடுப்பாக."

ஆச்சி சிரித்துவிட்டார்கள். கொழுந்தனார் சிரிக்கவில்லை.

அடுத்தது ரயில் பாஸ். வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கென்று ரயில்வே ஒரு பாஸ் விற்றது. ஏழு நாள், பதினைந்து நாள் என்று கால அளவு. அந்த நாட்களுக்குள் எந்த ரயிலிலும் எத்தனை தரம் வேண்டுமானாலும் ஏறலாம். முன்பதிவுக்குத் தனிக் காசு கிடையாது. இதையும் டாலரில்தான் வாங்க வேண்டும். கேட்கும்போது தேவலோகம் மாதிரி இருக்கும். ஆனால் தினம் ரயிலிலேயே குடியிருக்கிறவனுக்குத்தான் அது லாபம். ஆச்சி போவதோ மூன்று ஊர், ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நாளாவது தங்கவேண்டும். அதற்குத் தனித்தனி டிக்கெட்டே மலிவு. அதுபோக, பாஸ் ஆச்சிக்கு மட்டும்தான், கொழுந்தனாருக்குக் கிடையாது. அதைவிடப் பெரிய சங்கடம், காரைக்குடி ஸ்டேஷனில் அதை விற்கமாட்டார்கள், மெட்ராஸுக்குப் போய்த்தான் வாங்கவேண்டும்.

"மலேசியாவுலயே ஏஜெண்டு வச்சு விக்கிறாக ஆச்சி. வரும்போதே வாங்கிட்டு வந்திருக்கலாம்."

"எங்க தெருவுல யாரும் சொல்லலையே."

மூன்றாவது, சுற்றுப்பயண டிக்கெட். இதுதான் என் செல்லம். கிளம்பின ஊருக்கே திரும்பி வருகிற மாதிரி ஒரு வட்டம் போட்டு, முழுத் தூரத்துக்கும் ஒரே டிக்கெட்டாக எடுப்பது. தூரம் கூடக் கூட கிலோமீட்டருக்கு இத்தனை என்ற வீதம் குறையும் என்பதால் துண்டு துண்டாக எடுப்பதைவிட மலிவு. வழியில் இறங்கித் தங்கிப் போகலாம். ஆனால் வழியை எழுதிக் கொடுத்து மதுரை கோட்ட அலுவலகத்தில் ஒப்புதல் வாங்கவேண்டும், ஒவ்வொரு ரயிலுக்கும் படுக்கையைத் தனியாகத் தந்தி கொடுத்துப் பதிய வேண்டும். அந்த இழுபறிக்குப் பயந்தே எங்கள் பக்கம் யாரும் அதைத் தொடுவதில்லை. நான் தொட்டேன்.

பஸ்ஸைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. அரசு பஸ்ஸுக்கு டிக்கெட் போட எங்கள் ஆபீஸ் எதற்கு? பத்து எட்டு நடந்தால் கவுண்டர். அதுபோக, விமானம் தெரிந்தவளிடம் பஸ்ஸைப் பற்றிக் கேட்டால் மரியாதைக் குறைச்சல் என்று ஒரு நினைப்பு எனக்கு.

ஒரு முழுத்தாளில் சிவப்பு மையில் வட்டம் வரைந்தேன். காரைக்குடியிலிருந்து மீட்டர் கேஜில் எழும்பூர். அங்கிருந்து சென்ட்ரல் போய் அகலப் பாதையில் பெங்களூர். பிறகு கோயமுத்தூர். ஈரோடு வழியாகத் திருச்சி, திருச்சியிலிருந்து காரைக்குடி. போன தடத்திலேயே கொஞ்ச தூரம் திரும்பி வரவேண்டியிருந்ததால் மதுரையில் இரண்டு கேள்வி கேட்டார்கள். நானே போய் நின்று பதில் சொல்லி வாங்கிவந்தேன். புதன்கிழமை சாயங்காலம் கிளம்பி வியாழன் காலை மெட்ராஸ். படுக்கைகள் உறுதியாகிவிட்டன, ஆச்சிக்குக் கீழ்ப் படுக்கை. சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு டிக்கெட் எங்கள் ஆபீஸில் அதற்கு முன்னால் யாரும் போட்டதில்லை. கொழுந்தனாருக்கே மனசு மாறிவிட்டது. முன்பக்க பூத்திலேயே மெட்ராஸுக்குப் போன் போட்டு, "வியாழக்கிழமை காலைல அங்குட்டு வர்றோம்" என்று தங்கச்சியிடம் சொல்லிவிட்டார்.

மறுநாள் ஆச்சி டிக்கெட்டை வாங்க வந்தார்கள். நான் வட்டம் போட்ட தாளை மேஜையில் விரித்து, பெருமை பொங்க ஒவ்வொரு ஊராக விரலால் தொட்டுக் காட்டினேன். முதல் ஊரிலேயே ஆச்சி என் விரலைப் பிடித்துக்கொண்டார்கள்.

"மொதல்ல மெட்ராசா?"

"ஆமா ஆச்சி. வழி அப்படித்தான்."

"ஆகாது ஆத்தா. மொதல்ல பெங்களூரு. பெறகு கோயமுத்தூரு. கடைசியாத்தான் மெட்ராசு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. மதுரைக்கு இரண்டு தடவை பஸ்ஸில் போய்வந்த முதுகுவலி இன்னும் போகவில்லை. "எல்லா ஊரும் ஒண்ணுதான ஆச்சி? மூணு பேருக்கும் பத்திரிகை போயிச் சேந்தா சரிதான? இத மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று பொரிந்தேன்.

"நீ கேக்கலையே" என்றார்கள். குரல் உயரவே இல்லை.

அப்புறம் சொன்னார்கள். மூத்த வீட்டுக்குச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த வீடு. வயது எப்படியோ வாசலும் அப்படி. பதினோரு வருஷத்துக்கு முன்னால் வீட்டில் ஒரு விசேஷம். அப்போது மெட்ராஸ் வழியாக வந்த ஆச்சியின் புருஷன், போகிற வழிதானே என்று தங்கச்சிக்கு முதலில் சொல்லிவிட்டு, பெங்களூருக்கு இரண்டாவதாகப் போயிருக்கிறார். மூத்தவருக்கு அது தெரிந்துபோனது. "வழியில இருக்கவளுக்கு மொத, வயசுல இருக்கவனுக்குப் பெறகா?" என்று கேட்டாராம். அதற்கப்புறம் அவர் கானாடுகாத்தான் வாசல் மிதிக்கவில்லை. ஒரு கல்யாணம், ஒரு கருமாதி, எதற்கும் இல்லை.

"எம் மக கல்யாணத்துல அவ அப்பா பக்கத்துல நிக்கிறதுக்குக் குடும்பத்துக்கே மூத்தவுக அவுகதான். அவுக வராம பந்தல்ல நான் எப்படி நிப்பேன்? எம் புருஷனுக்கு இந்தப் பதினோரு வருசமா அண்ணன் பேச்ச எடுத்தாலே சோறு எறங்காது ஆத்தா. இந்தத் தடவ தப்பு வரக்கூடாது."

சொல்லிவிட்டு மேஜையிலிருந்த என் சிவப்புப் பேனாவை எடுத்தார்கள். என் வட்டத்தில் மெட்ராஸ் என்று எழுதியிருந்ததை ஒரே இழுப்பில் அடித்தார்கள். அதற்கு மேலே, முத்து முத்தான பழைய கால எழுத்தில், "முதலில் பெங்களூர் அண்ணன் வீடு" என்று எழுதினார்கள். தாளின் மூலையில் நான் அன்றைய தேதியை ஏற்கெனவே போட்டிருந்தேன். அது என் பழக்கம்.

ஒருவர் எங்கே போகவேண்டும் என்று கேட்டேனே தவிர எதற்காகப் போகிறார் என்று கேட்கத் தோன்றவில்லை. இத்தனைக்கும் இதே மண்ணில் பிறந்தவள். கோபம் அப்படியே என் பக்கமே திரும்பியது.

மறுபடி ஆரம்பத்திலிருந்து உட்கார்ந்தோம். அப்போதுதான் சிக்கல் தெரிந்தது. மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ பெங்களூருக்குப் பறக்க எனக்குக் கிடைத்த இணைப்பெல்லாம் மெட்ராஸ் வழிதான். ரயில் பாஸ் வாங்கவும் மெட்ராஸ் போகவேண்டும். மெட்ராஸில் கால் வைத்துவிட்டு நாத்தனார் வீட்டுக்குப் போகாமல் வந்தால் அது ஒரு குற்றம். போய்விட்டு அழைக்காமல் வந்தால் அதைவிடப் பெரிய குற்றம். அழைத்துவிட்டால் பெங்களூர் கதவு சாத்திக்கொள்ளும்.

கொழுந்தனார் விடவில்லை. "ஏர்போர்ட்டுக்குள்ளயே எறங்கி, அதுக்குள்ளயே அடுத்த பிளேன் ஏறுனா அது மெட்ராசு போனதாகுமா அண்ணமிண்டி? வெளிய வந்தாத்தான கணக்கு?"

"உங்க தங்கச்சி மகன் எங்க வேல பாக்குறாரு?" என்றார்கள் ஆச்சி.

கொழுந்தனார் தலையைச் சொறிந்தார். "மீனம்பாக்கத்துல."

"எங்க?"

"ஏர்போர்ட்ல."

எனக்கு வந்த சிரிப்பை அடக்கப் பீரோவைத் திறந்து எதையோ தேடுகிற மாதிரி நின்றேன். ஆச்சியும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள்.

மெட்ராஸைத் தொடாமல் ரயிலில் போக வழி இல்லாமல் இல்லை. திருச்சிக்கு மீட்டர் கேஜ், அங்கே இறங்கி அகலப் பாதை ரயிலில் ஈரோடு, அங்கே காத்திருந்து மறுபடி ஒரு ரயில். ஒவ்வொரு மாற்றத்துக்கும் படியேறி மேம்பாலம் தாண்டவேண்டும். அந்த முழங்காலோடு அது நடக்காது. சுற்றுப்பயண டிக்கெட்டைத் திருப்பி எழுதி மதுரையில் மறுபடி ஒப்புதல் வாங்க நாளும் இல்லை. தாளைத் தாளாகக் கசக்கிப் போட்டேன்.

ஆச்சி வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒரு பஸ் ஊதிக்கொண்டு திரும்பியது.

"அது எங்குட்டுப் போவுது?"

"எது?"

"அந்தப் பச்சப் பஸ்சு. போர்டுல பெங்களூருன்னு போட்டிருக்கே."

தினமும் சாயங்காலம் என் கண்ணுக்கு முன்னால் கிளம்பிப் போகிற பஸ். காரைக்குடியில் ஏறினால் திருச்சி, நாமக்கல், சேலம், ஓசூர், அப்புறம் நேரே பெங்களூர். வழியில் மெட்ராஸின் வாசனைகூடக் கிடையாது. அட்டவணை அட்டவணையாகப் புரட்டுகிறவளுக்கு ஜன்னலுக்கு வெளியே இருப்பது தெரியவில்லை. எனக்கு அழலாம் போல இருந்தது.

"ஆச்சி, பன்னெண்டு மணி நேரம் ஆகும். உக்காந்துக்கிட்டேதான் போகணும். கால நீட்ட முடியாது."

"நீட்ட வேணாம். எறங்குறப்ப அவுக வாசல்ல எறங்குனா போதும்."

அடேயப்பா, அந்தத் துணிச்சல்! ஈப்போவில் கார் இருக்கிற வீட்டு அம்மா. வலிக்குதே என்று ஒரு சொல் வரவில்லை. அந்தப் பொழுதில் எனக்கு அவர்கள் மேல் வந்த மதிப்பு இன்றுவரை குறையவில்லை.

நானே பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். புதன்கிழமை பஸ்ஸில் கடைசி வரிசைதான் இருந்தது. அந்த முழங்காலைக் கடைசி வரிசையில் பன்னிரண்டு மணி நேரம் தூக்கிப்போட்டுக் குலுக்கினால் அவ்வளவுதான். வியாழக்கிழமை பஸ்ஸில் மூன்றாம் நம்பர் இருந்தது. முன் படிக்குப் பக்கம், முன்னால் தடுப்பு மட்டும்தான், கால் வைக்கக் கொஞ்சம் இடம். கவுண்டர்க்காரரிடம் கெஞ்சி, கொஞ்சம் சண்டையும் போட்டு அதையும் நாலாம் நம்பரையும் வாங்கினேன். பெங்களூரிலிருந்து கோயமுத்தூருக்கு ரயில், அங்கிருந்து மெட்ராஸுக்குப் பகல் ரயில், மெட்ராஸிலிருந்து ஊருக்கு எழும்பூர் ரயில். எல்லாம் தனித்தனி டிக்கெட். பார்க்க அழகில்லாத பயணம். ஒரு பஸ், மூன்று ரயில், பாஸும் இல்லை, விமானமும் இல்லை. ஆனால் எந்த ஊருக்கு முன்னால் எந்த ஊர் வரவேண்டுமோ அப்படி வந்தது. என் செல்ல டிக்கெட்டை ரத்து செய்தேன். எனக்கு அதில் கிடைத்தது முதலாளியின் முறைப்புதான்.

ஒரு வாரம் கழித்து ஆச்சி வந்தார்கள். நடை இன்னும் மெதுவாகியிருந்தது. முகம் வாடியிருந்தது. நான் அவர்களிடம் அதுவரை பார்க்காத வாட்டம்.

"பாத்தீகளா மூத்தவுகள? என்ன சொன்னாக?"

"பத்திரிகைய வாங்கிக்கிட்டாக. 'நேரா இங்கதான் வர்றோம், இதுதான் மொத வாசல்'னு சொன்னேன். எங் கால ஒருதரம் பாத்தாக. ரெண்டும் வீங்கிக் கெடந்துச்சு. 'பாப்போம்'னு சொன்னாக. அவ்வளவுதான்."

அப்புறம்தான் நடந்தது தெரிந்தது. கொழுந்தனார் அன்று முன்பக்க பூத்திலிருந்து போட்டாரே ஒரு போன், அந்தத் தங்கச்சி சும்மா இருக்கவில்லை. உடனே பெங்களூருக்குக் கூப்பிட்டு, "வியாழக்கிழமை காலைல எங்க வீட்டுக்குத்தான் மொதல்ல வர்றாக" என்று பெருமையடித்துவிட்டார். தேதி மாறியதைக் கொழுந்தனார் மறுநாளே தங்கச்சியிடம் சொல்லிவிட்டார். அதைப் பெங்களூருக்குத் திருப்பிச் சொல்ல அந்த அம்மாவுக்கு மனசு வரவில்லை. ஆச்சி பெங்களூரில் இறங்கியது வெள்ளிக்கிழமை காலை. வியாழன் மெட்ராஸ், வெள்ளி பெங்களூர். மூத்தவர் கணக்கு அப்படித்தானே போகும்?

"நீங்க வெளக்கிச் சொல்லியிருக்கலாம்ல ஆச்சி?"

"சொன்னேன். நம்பணுமே. நான் அதுக்கு மேல சத்தியம் பண்ணுனா அவுகள சந்தேகப்படுறவுகன்னு சொன்ன மாதிரி ஆகிரும்." முழங்காலைத் தடவிக்கொண்டார்கள். "வராம இருந்துருவாகளோ ஆத்தா?"

கால அட்டவணையில் அதற்குப் பக்கம் இல்லை. ஆனால் ஒன்று தெரிந்தது, அந்தப் போனுக்குக் காரணம் என் வட்டம். எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டில் அம்மா என்னவென்று கேட்டதற்கு வள்ளென்று விழுந்தேன். போகும்போது ஆச்சி எனக்கும் ஒரு பத்திரிகை வைத்தார்கள், வெற்றிலை பாக்கோடு. டிக்கெட் போட்டவளுக்கும் நேரில்தான்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, காலை ஒன்பது மணிவாக்கில் ஒரு பெரியவர் கடைக்குள் வந்தார். எழுபது வயது இருக்கும். வெள்ளை வேட்டி, கையில் ஒரு பழைய தோல் பை.

"கானாடுகாத்தான் கல்யாண வீட்டுக்கு டிக்கெட் போட்ட பிள்ள யாரு?"

"நான்தான் அய்யா. உக்காருங்க."

உட்காரவில்லை. "நான் பெங்களூர்ல இருந்து வர்றேன். மாப்பிள்ள வீட்டாளு இல்ல. பொண்ணுக்குப் பெரியப்பா."

அவர் நேராகக் கேட்டார். "எந் தம்பி பொண்டாட்டி எங்கிட்ட வாரதுக்கு முன்னாடி மெட்ராஸ் போனாளா, போகலையா? நீ ஏமாத்தாமச் சொல்லணும். அவகிட்டக் கேட்டா அவளுக்கு அவமானம். தங்கச்சிகிட்டக் கேட்டா எனக்கு அவமானம். டிக்கெட் இங்கதான் போட்டதுன்னு அவ சொன்னா, அதான் இங்குட்டு வந்தேன்."

பாருங்கள், பதினோரு வருஷக் கோபக்காரர். அந்த நேரத்திலும் தம்பி பெண்டாட்டியின் மரியாதையை நினைத்திருக்கிறார்.

"அய்யா, தப்பு என்னுது. மெட்ராஸ் மொதல்லன்னு டிக்கெட் போட்டது நான். போன் போனதும் அத வச்சுத்தான். அவுக அத ஒரு நிமிசம்கூட ஒத்துக்கல."

"பேச்சு யாரு வேணும்னாலும் பேசலாம்."

பீரோவைத் திறந்தேன். என் தோல்விகளை நான் தூக்கி எறிவதில்லை, அதுவும் ஒரு பழக்கம். அந்தத் தாள் அடியில் கிடந்தது. எடுத்து மேஜையில் விரித்தேன். என் சிவப்பு வட்டம். அடிக்கப்பட்ட மெட்ராஸ். மூலையில் தேதி. அடித்த மெட்ராஸுக்கு மேலே அந்த முத்து எழுத்து.

பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "முதலில் பெங்களூர் அண்ணன் வீடு." வாய்விட்டுப் படித்தார். மறுபடி ஒரு தரம் படித்தார். "அவ எழுத்துத்தான். கல்யாணமாகி வந்த புதுசுல எங்க ஆத்தாவுக்கு லெட்டர் எழுதுவா. இதே எழுத்து" என்றார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார்.

வியாழக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறிய விவரத்தை நான் சொன்னேன். சீட்டு நம்பர் வரைக்கும் சொன்னேன். விமானம் ஏன் வேண்டாமென்றார்கள், பாஸ் ஏன் வாங்கவில்லை, மீனம்பாக்கத்தில் யார் வேலை பார்க்கிறார், எல்லாவற்றையும் கொட்டினேன். மீனம்பாக்கம் வந்தபோது அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே துண்டால் கண்ணைத் துடைத்தார்.

"இந்தத் தாள நான் எடுத்துக்கலாமா?"

"எடுத்துக்கங்க அய்யா."

நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். "கானாடுகாத்தானுக்கு டவுன் பஸ் இப்பவும் அந்தப் பக்கம்தான் நிக்குதா?" என்று கேட்டார். பதினோரு வருஷத்தில் அதுவும் மாறியிருந்தது. நானே கூட்டிப் போய் ஏற்றிவிட்டேன்.

கல்யாணத்துக்குப் போனேன். மணவறைக்குப் பக்கத்தில் அண்ணனும் தம்பியும் தோளோடு தோள் நின்றார்கள். ஈப்போவிலிருந்து வந்த தம்பி அடிக்கடி அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆச்சி கூட்டத்துக்கு நடுவில் என்னைப் பார்த்துவிட்டு, முழங்காலை மறந்து வேகமாக நடந்து வந்தார்கள். "வந்துட்டாக ஆத்தா. எங்க மூத்தவுக வந்துட்டாக" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்கள். நானும் அழுதேன். எனக்கென்ன வெட்கம்?

இரண்டு நாள் கழித்துப் பெரியவர் ஆபீஸுக்கு வந்தார். திரும்பிப் போக டிக்கெட் வேண்டுமாம். புத்தி வந்தவள் மாதிரி எல்லா வழியையும் ஒழுங்காகச் சொன்னேன். விமானத்தில் வயதானவர்களுக்கு டிக்கெட் பாதி விலை. மதுரையில் ஏறி மெட்ராஸில் மாறினால் சாயங்காலம் வீட்டில் இருக்கலாம், வழியில் தங்கச்சியையும் பார்க்கலாம். ரயிலில் போனால் காலை நீட்டிப் படுத்துப் போகலாம். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அவ எதுல வந்தா?"

"பஸ்லதான் அய்யா."

"எந்த சீட்டு சொன்ன?"

"மூணாம் நம்பர்."

"அதயே போடு" என்றார். "பன்னெண்டு மணி நேரம் அந்தக் கால மடக்கி எப்படி உக்காந்து வந்தாள்னு நானும் ஒருதரம் உக்காந்து பாக்குறேன்."